அந்த எண் எந்த நேரத்துடையது?

விளையாட்டு விழாவில் எனக்குக் கிடைத்த வேலை, ஓட்டப்பந்தயத்தின் முடிவுக் கோட்டருகே நிறுத்துகடிகாரத்துடன் நிற்பது. காலை எட்டரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்து பார்த்தேன். UV 3 என்று காட்டியது. பக்கத்திலேயே 'மிதமானது' என்று ஒரு சொல். வானம் முழுக்க மெல்லிய வெண்மேகம். காற்றும் சில்லென்று வீசிக்கொண்டிருந்தது. மூன்றுதானே, இதற்கு என்ன பெரிய ஏற்பாடு என்று தொப்பியை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனேன்.

ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை நின்றேன். வியர்க்கவில்லை. ஒரு தடவைகூட 'என்ன வெயில்!' என்று தோன்றவில்லை. சாயங்காலம் குளித்தபோதுதான் பிடரியில் தண்ணீர் பட்டதும் சுரீரென்றது. இரவு தலையணையில் காது பட்டால் வலி. கழுத்தில் ஊதல் தொங்கிய கயிறு இருந்த இடம் மட்டும் வெளிறிய கோடாக இருந்தது. இரண்டு பக்கமும் கருத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் மூக்குத் தண்டில் தோல் உரிந்தது.

"மேகமாகத்தானே இருந்தது? நீ எங்கே போய் இப்படிக் காய்ந்துவிட்டு வந்தாய்?" என்று அக்கா கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம். மேகத்தைத் திட்டினேன், செயலியைத் திட்டினேன். இரண்டின் மேலும் பெரிய தவறு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. செயலி சொன்ன மூன்று உண்மையான மூன்றுதான். ஆனால் அது எட்டரை மணியின் மூன்று. நான் அதை நாள் முழுவதற்குமான எண்ணாக எடுத்துக்கொண்டேன். அதே திரையில் விரலால் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தால் அன்றைய உச்சம் 11 என்று போட்டிருந்ததைப் பார்த்திருப்பேன்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு தவறைப் பற்றித்தான். புற ஊதாக் குறியீட்டை, அதாவது யூவி குறியீட்டை, ஒற்றை எண்ணாகப் பார்ப்பவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. காலையில் ஏறி, உச்சிப் பொழுதில் முட்டி, மாலையில் இறங்கும் வளைவாகப் பார்த்தால்தான் எந்த நேரத்தில் தொப்பி, எங்கே நிழல், எப்போது சன்ஸ்கிரீன் என்று முடிவெடுக்க முடியும்.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் பொதுமக்களுக்குப் புரியும்படி ஓர் அளவு வேண்டும் என்று இதை உருவாக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டு எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கின. தரையில் விழும் புற ஊதாக் கதிரை அப்படியே கூட்டிச் சொல்வதில்லை இந்த எண். ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தோலைச் சிவக்கவைக்கும் திறன் எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ப எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். குறுகிய அலைநீளமுள்ள யூவி-பி கதிருக்கு மிகுந்த எடை, நீண்ட யூவி-ஏ கதிருக்கு மிகக் குறைந்த எடை. இப்படிக் கிடைக்கும் தொகையில் ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் என்றால் குறியீடு 1. அதில் பத்து மடங்கு விழுந்தால் 10. ஆகவே இது தேர்வு மதிப்பெண் போல ஏதோ ஒரு தரவரிசை இல்லை. ஆறு என்பது மூன்றின் சரியான இரு மடங்கு. நமக்கு வசதியான செய்தி இதுதான், ஏனென்றால் இருமடங்கு என்றால் பெருக்கல் கணக்குப் போடலாம்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. வானத்தைப் பார்த்தபடி மல்லாக்கக் கிடக்கும் ஒரு பலகையில் எவ்வளவு விழுகிறது என்பதைத்தான் குறியீடு சொல்கிறது. நிற்கும் மனிதன் பலகை இல்லை. நமது உடம்பில் மல்லாந்து கிடக்கும் இடங்கள் சில உண்டு: உச்சந்தலை, தலைவகிடு, மூக்குத் தண்டு, காதின் மேல் விளிம்பு, தோள்பட்டை, புறங்கால். குறியீட்டின் முழு எண்ணையும் வாங்கிக்கொள்பவை இவைதான். கன்னமும் நெஞ்சும் செங்குத்தாக இருப்பதால் உச்சிப் பொழுதில் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் அவற்றின் மேல் விழும். எனக்கு உச்சியில் முடி விலகத் தொடங்கி நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பட்டியலில் முதல் இடம் எனக்குப் புரியாமல் இருக்குமா?

இனி வளைவுக்கு வருகிறேன். அன்றைய மணிவாரி எண்களைச் செயலியின் பழைய பக்கத்திலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதினேன். எட்டு மணிக்கு 2. ஒன்பதுக்கு 4. பத்துக்கு 6. பதினொன்றுக்கு 9. பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் 11. அதன்பின் இரண்டு மணிக்கு 9, மூன்றுக்கு 6, நான்குக்கு 3, ஐந்துக்கு 1.

ஒரு மணி நேரத்தின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி கிடைக்கும். குறியீடு 1 இருக்கும்போது ஒரு மணி நேரம் நிற்பதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்; இது என் சொந்தப் பெயர்தான். ஒன்பது முதல் பத்து வரை 5 பங்கு. பத்து முதல் பதினொன்று வரை 7.5. அடுத்த மணி நேரம் 10. கடைசி மணி நேரம் 11. மொத்தம் 33.5 பங்கு. நான் வீட்டில் பார்த்த மூன்றை நம்பி நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டிருந்தால் 12 பங்கு வந்திருக்கும். ஏறத்தாழ மூன்று மடங்கு ஏமாந்திருக்கிறேன்.

இந்தப் பங்கு தோலுக்கு என்ன செய்யும்? மிக வெளிறிய தோல் உள்ளவருக்கு இரண்டு மூன்று பங்கிலேயே முதல் சிவப்பு எழும்பிவிடும். நடுத்தர மாநிறத்துக்கு ஐந்து பங்கு அளவில், அதைவிடக் கருமையான தோலுக்கு ஏழு, மிகக் கருத்த தோலுக்குப் பத்துக்கும் மேல். இவை பொதுவான சராசரிகள். ஒரே நிறமுள்ள இருவருக்குள்ளேயே நல்ல வேறுபாடு இருக்கும். என்னை ஆறு என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் குறியீடு 3 உள்ள நேரத்தில் இரண்டு மணி நேரம் தாங்குவேன். 6 என்றால் ஒரு மணி நேரம். 12 என்றால் அரை மணி நேரம். 33.5 பங்கும் என் மேல் அப்படியே இறங்கிவிடவில்லை. மேகம் கொஞ்சம் வடிகட்டியது, திரும்பித் திரும்பி நின்றேன், பிடரி பலகைபோல் மல்லாந்து இல்லை. மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தாலும் பதினொன்று. ஆறைத் தாண்டிவிட்டது அல்லவா? அதனால்தான் தலையணை உறுத்தியது.

ஆறு பங்குக்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. சிவப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் எல்லை மட்டுமே. உயிரணுக்களின் மரபுப் பொருளில் சேதம் அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பகுதியை உடம்பே செப்பனிட்டுக்கொள்கிறது, எல்லாவற்றையும் இல்லை. கருத்த தோலில் சிவப்பே சரியாகத் தெரியாது என்பது வேறு. சூடாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, சில நாளில் அந்த இடம் மட்டும் கருக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

நிற்கும்போதே ஏன் தெரியவில்லை? இதற்கான விடை எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பில் சுடுவது அகச்சிவப்புக் கதிரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும். புற ஊதாக் கதிரை உணர்வதற்கு நம் தோலில் ஏற்பாடே கிடையாது. காற்று சில்லென்று வீசினால் சூடு குறையும். புற ஊதா ஒரு துளிகூடக் குறையாது. சிவப்பும் உடனே வருவதில்லை. மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் உச்சம் தொடும். மைதானத்தை விட்டு வெளியேறும்போது தோல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். 'எரிய ஆரம்பித்தால் நிழலுக்குப் போய்விடுவேன்' என்று சொல்பவர்கள், எரிய ஆரம்பிக்கும்போது எப்போதோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

வளைவு இப்படி நடுவில் குத்திட்டு நிற்பதற்குக் காரணம் சூரியனின் உயரம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடக்கிறது. ஓசோன் படலத்துக்குள் அது போகும் தூரம் அதிகம். அங்கே யூவி-பி பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். தலைக்கு மேலே வந்ததும் பாதை சுருங்கிவிடுகிறது. வெளிச்சம் காலை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் கண்ணுக்கு அப்படியொன்றும் வேறுபாடாகத் தெரியாது, ஆனால் குறியீடு 2-லிருந்து 11-க்குத் தாவிவிடுகிறது. என் தாளில் நாள் முழுவதையும் கூட்டினால் 62 பங்கு வந்தது. அதில் பத்து முதல் இரண்டு வரையிலான நான்கு மணி நேரத்தில் மட்டும் 38.5; அதாவது நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். காலை ஆறு முதல் எட்டு வரை நடந்துவிட்டு வந்தால் ஒன்றரைப் பங்குகூட ஆகாது. நடைப்பயிற்சிக்குக் காலையில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு போய்விட்டு, மதியம் வங்கி வாசலில் வெறுந்தலையுடன் நாற்பது நிமிடம் வரிசையில் நிற்பவர்களை எனக்குத் தெரியும். நானே அப்படித்தான் இருந்தேன்.

பத்து முதல் இரண்டு என்பதும் கடிகாரக் கணக்கு இல்லை, சூரியக் கணக்கு. கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போதுதான் சூரியன் உச்சிக்கு வர வேண்டும் என்று சட்டம் ஏதும் கிடையாது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் ஊர்களில் இது பெரிதாகவே விலகும். மாட்ரிட் நகரத்தில் கோடைக்கால உச்சிப் பொழுது பிற்பகல் இரண்டே கால் மணி வாக்கில்தான். அங்கே 'மணி மூன்றாகிவிட்டது, வெயில் தணிந்திருக்கும்' என்று வெளியே கிளம்பினால் வளைவின் உச்சியிலேயே போய் நிற்க வேண்டியதுதான். செயலி காட்டும் மணிவாரி எண்களில் எது பெரியது என்று பார்ப்பதே போதும், உச்சிப் பொழுது எப்போது என்று அதுவே சொல்லிவிடும்.

கைபேசி இல்லாதபோது நிழலை அளக்கலாம். உங்கள் நிழலின் நீளம் உங்கள் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகையில் நிற்கிறது. நிழல் உயரத்தைவிடக் குட்டையானால் கவனம் வேண்டும் என்பது பலரும் சொல்லும் விதி. நல்ல விதிதான், ஆனால் கொஞ்சம் தாமதமாக எச்சரிக்கிறது. தெளிந்த வானத்தில், கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில், 45 பாகையில் குறியீடு ஐந்தைத் தாண்டிவிடும். உலக சுகாதார அமைப்பு பாதுகாப்பு தேவை என்று சொல்வதோ மூன்றிலிருந்து. அந்த மூன்று வருவது நிழல் ஏறத்தாழ ஒன்றரை ஆள் நீளம் இருக்கும்போது. நிழல் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் என்று சுருங்கினால் ஒன்பதை நெருங்கிவிட்டது என்று பொருள். ஒன்றரை ஆள், ஓர் ஆள், அரை ஆள்: மூன்று, ஐந்து, ஒன்பது. இதை மட்டும் மனத்தில் வைத்திருக்கிறேன். மேகமூட்டத்தில் நிழலே விழாது என்பதால் அன்றைக்கு இந்த வித்தை பலிக்காது.

மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய மேகம் புற ஊதாவில் பத்தில் ஒன்பது பங்கு வரை உள்ளே விட்டுவிடும். கனத்த மழைமேகம்தான் உண்மையில் தடுக்கும். வெண்மேகம் திட்டுத்திட்டாக மிதந்து நடுவே சூரியன் எட்டிப்பார்க்கும் நாளில், மேகத்தின் ஓரங்களில் பட்டுத் திரும்பும் கதிரும் சேர்ந்து, சில நிமிடங்களுக்குத் தெளிந்த வானத்தைவிடவும் எண் கூடிவிடும். சில செயலிகள் மேகமில்லாத வானத்துக்கான எண்ணைச் சொல்லும், சில மேகத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும். உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: அடைமழை நாளில் நண்பகல் எண்ணைப் பாருங்கள். முந்தைய வெயில் நாளின் எண்ணே அப்படியே நின்றால் மேகத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. மலைமேல் போனால் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் நூற்றுக்குப் பத்து அளவு கூடும். புதுப்பனி விழுந்த தரை புற ஊதாவில் நூற்றுக்கு எண்பது வரை திருப்பி அடிக்கும், மணல் பதினைந்து, புல்லும் மண்ணும் சொற்பம்.

சரி, எண் தெரிந்துவிட்டது. தொப்பி, நிழல், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றையும் சேர்த்தே எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று சறுக்கும் இடத்தில் இன்னொன்று நிற்கும்.

தொப்பி, உச்சி வெயிலுக்கென்றே செய்த கருவி. சூரியன் தலைக்கு நேர்மேலே இருக்கும்போதுதான் விளிம்பின் நிழல் முகத்தின் மேல் செங்குத்தாக விழும். 1992-இல் பிரிட்டனில் பொம்மைத் தலைகளில் தொப்பிகளை மாட்டி, எந்த இடத்தில் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார்கள். ஏழரை சென்டிமீட்டருக்கு மேல் அகலமான விளிம்பு மூக்கில் ஏழில் ஒரு பங்கும், பிடரியில் ஐந்தில் ஒரு பங்கும், கன்னத்தில் மூன்றில் ஒரு பங்கும்தான் விழவிட்டது. முகவாயில் பாதி விழுந்துவிட்டது. இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைந்த விளிம்பு மூக்குக்கே சொற்பமாகத்தான் உதவியது. கன்னத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. முன்பக்கம் மட்டும் நாக்கு நீட்டிய விளையாட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு காதும் பிடரியும் வெந்துபோகிறவர்களுக்குக் காரணம் இங்கே இருக்கிறது. அன்று நான் மேசைமேல் விட்டுவிட்டுப் போனதும் அந்த வகைதான். எடுத்துப் போயிருந்தால் மூக்கு பிழைத்திருக்கும், பிடரி பிழைத்திருக்காது. சூரியன் சாய்ந்து நான்கு மணிக்கு நேராக முகத்தில் அடிக்கும்போது எந்தத் தொப்பியும் திணறும். நல்லவேளையாக அப்போது எண்ணே மூன்றுக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்கு மட்டும் கதை வேறு. உச்சிப் பொழுதில் புருவ எலும்பு கண்ணுக்குக் கூரையாகிவிடும். முற்பகலிலும் பிற்பகலிலும் சாய்ந்த கதிர் அந்தக் கூரைக்கு அடியில் நுழையும். கண்ணாடிக்கு அந்த நேரங்களே முக்கியம்.

நிழலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். சூரியனை மறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். புற ஊதா சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. அலைநீளம் குறுகக் குறுகக் காற்றில் சிதறல் கூடும். வானம் நீலமாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். நீலத்தைவிட இன்னும் குறுகியது புற ஊதா, அதனால் இன்னும் அதிகமாகச் சிதறுகிறது. நம் கண்ணுக்கு மட்டும் புற ஊதா தெரிந்திருந்தால் வானம் முழுவதுமே ஒரு விளக்காக ஒளிரும். ஒற்றைக் குடைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விளக்கில் பெரும்பகுதி நான்கு பக்கமும் திறந்தே இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2017-இல் வெளிவந்தது. நண்பகலில் மூன்றரை மணி நேரம், ஒரு குழுவுக்குக் கடற்கரைக் குடை மட்டும், இன்னொரு குழுவுக்கு எஸ்.பி.எஃப். 100 சன்ஸ்கிரீன் மட்டும். குடைக்கு அடியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் வெயில்காயம். சன்ஸ்கிரீன் குழுவில் 25 பேருக்கு. குடை வேண்டாம் என்பதற்கு இதை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. இரண்டில் எதுவும் தனியாகப் போதவில்லை என்றுதான் படிக்கிறேன்.

நிழலின் தரத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. உட்காரப் போகும் இடத்தில் நின்று, தலையை அண்ணாந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன். வானத்தில் எவ்வளவு தெரிகிறது? அடர்ந்த மரங்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில் கொஞ்சம்தான் தெரியும்; அது நல்ல நிழல். ஒருபக்கம் சுவர் உள்ள தாழ்வாரம் பரவாயில்லை, சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இன்னும் நல்லது. வெட்டவெளி நடுவே நான்கு கம்பும் ஒரு துணியும் என்றால், சூரியன் மட்டும்தான் மறைந்திருக்கிறது. அந்த நிழலில் எண் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வேன். பதினொன்றில் பாதி ஐந்தரை. தொப்பியைக் கழற்ற வேண்டிய எண் அது இல்லை. அதே நிழலில் மாலை நான்கு மணிக்கு மூன்றில் பாதி ஒன்றரை. அப்போது எதுவும் தேவையில்லை.

சன்ஸ்கிரீன் இந்த இரண்டும் எட்டாத இடத்துக்கு: முகவாய், கன்னத்தின் கீழ்ப்பகுதி, காது, கழுத்து, புறங்கை, புறங்கால். குழாயில் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசிச் சோதித்தபோது கிடைத்தது. அவ்வளவு தடிமனாக யாரும் பூசுவதில்லை. அளந்து பார்த்த இடங்களிலெல்லாம் மக்கள் அதில் கால் பங்கு முதல் பாதி வரைதான் பூசியிருக்கிறார்கள். பூச்சு பாதியானால் பாதுகாப்பும் பாதியாகிறது, சில வேளை அதற்கும் கீழே. முகம், காது, கழுத்து மூன்றுக்கும் சேர்த்து அரை டீஸ்பூன் வேண்டும். ஒவ்வொரு கைக்கும் அதே அளவு.

ஒருநாள் உண்மையிலேயே டீஸ்பூனை எடுத்துவைத்து நான் வழக்கமாக எடுக்கும் அளவைப் பிதுக்கிப் பார்த்தேன். கரண்டியின் நுனியில் ஒரு பட்டாணி அளவு இருந்தது. அரை டீஸ்பூன் வரும்வரை பிதுக்கியபோது கை கூசியது, இவ்வளவா என்று. முகத்தில் தேய்த்ததும் வெள்ளையாக நின்றது. பாதியை முதலில் தடவி, ஐந்து நிமிடம் விட்டு மீதியைத் தடவினால் சரியாகப் படிகிறது என்று பழகிக்கொண்டேன். கணக்கு இன்னும் எளிதாக வேண்டுமானால்: ஐம்பது மில்லிலிட்டர் குழாய் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் பூசினால் இருபது தடவைக்கு வரும். என் குழாய் எட்டு மாதம் வந்தது. எஸ்.பி.எஃப். 50 என்று எழுதியிருந்ததைப் படித்துப் படித்துத்தான் எனக்குப் பாதுகாப்புக் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசிவிட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. இந்த மறுபூச்சை எந்த நேரத்தில் வைப்பது என்பதற்கும் வளைவு உதவுகிறது. ஒன்பதுக்குப் பூசினால் பதினொன்றுக்கு மறுபூச்சு. எண் 9-ஐத் தொடும் நேரம். அந்தப் பூச்சைத் தவறவிட்டால், நாளின் மிகக் கனமான இரண்டு மணி நேரத்தை வியர்வையில் வழிந்துபோன பழைய பூச்சோடு கடக்க நேரும். காலை ஏழுக்குப் பூசிக்கொண்டு கிளம்பியவரின் ஒன்பது மணிப் பூச்சு தவறினால் அந்த அளவு நட்டம் இல்லை.

இத்தனை கணக்கையும் தோல் மருத்துவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தாளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. உங்கள் அக்காவுக்கு இதைக் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். அக்காவுக்குக் கன்னத்தில் மங்கு இருக்கிறது, அவரிடம்தான் சிகிச்சை.

காரணம், நான் முன்பே சொன்ன அந்த எடைதான். சிவக்கவைக்கும் கதிருக்குத்தான் குறியீடு மதிப்புக் கொடுக்கிறது. மங்கைக் கருக்கவைப்பதில் யூவி-ஏ கதிருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும்கூடப் பங்கு உண்டு. யூவி-ஏ காலையிலும் மாலையிலும் யூவி-பி அளவுக்குச் சரிந்துவிடுவதில்லை. சன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். வெயில் படும் சன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குக் குறியீடு ஒன்றா பத்தா என்பது பெரிதாக எதையும் சொல்லாது. அக்காவுக்கு எண் பார்க்காமல் தினமும் பூச்சு. அதிலும் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறம் ஏற்றிய வகை. வெறும் புற ஊதாத் தடுப்பான்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதில்லை, இந்த நிறமி தடுக்கிறது. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், லூபஸ் நோயாளிகள், வெயில் பட்டால் தோலைச் சிவக்கவைக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கும் மூன்று என்ற எல்லைக்கோடு பொருந்தாது. மருத்துவர் சொல்வதுதான் அவர்களுக்குக் கோடு.

அடுத்த விளையாட்டு விழா நெருங்கியபோது ஒருங்கிணைப்பாளரிடம் தாளோடு போனேன். எனக்குக் குடை பிடிக்க ஆள் கேட்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார் போல. நான் கேட்டது நேரத்தை. ஒன்பது முதல் ஒன்று வரை நடத்துவதை ஏழு முதல் பதினொன்று வரை நடத்தினால் என்ன? ஏழு முதல் எட்டு வரை 1.2 பங்கு, அடுத்த மணி நேரம் 3, பிறகு 5, கடைசியில் 7.5. கூட்டினால் 16.7. முன்பு 33.5. அதே நான்கு மணி நேரம், சரிபாதி கதிர். யாரும் ஒரு சொட்டுச் சன்ஸ்கிரீன்கூடப் பூசத் தேவையில்லாமல்.

"ஏழு மணிக்கு யார் வருவார்கள் சார்?" என்றார். நியாயமான கேள்வி. பேசிப் பேசி ஏழரைக்கு ஒப்புக்கொண்டார். மணி பத்துக்கு மேல் நடக்கும் போட்டிகளில் எவற்றை மரக்கூட்டத்துப் பக்கம் தள்ளலாம் என்று பட்டியலில் பென்சிலால் குறித்தோம். நீண்ட ஓட்டங்கள் முன்னே வந்தன, கயிறு இழுத்தல் மரத்தடிக்குப் போனது. முடிவுக் கோட்டை மட்டும் எங்கும் நகர்த்த முடியவில்லை. அது வெட்டவெளியிலேதான் இருக்கும். அகல விளிம்புத் தொப்பியும், குழாயும், ஒன்பதரை மணிக்கு அடிக்கும்படி வைத்த அலாரமும் என் பையில் இருக்கின்றன. டீஸ்பூனையும் எடுத்துவைத்திருக்கிறேன்.